தோல் சிவந்தும் கொழுப்பு போகவில்லையா? முழு வாத்து ரோஸ்ட்டில் வரும் சிக்கல்களும் சரிசெய்யும் விதமும்

கோழியை ரோஸ்ட் செய்து பழகிய கைதான் முதல் வாத்தைக் கெடுக்கும். என்னுடையதும் அப்படித்தான் கெட்டது. கோழித் தோலின் அடியில் கொழுப்பு மெல்லிசாக இருக்கும்; தோல் சிவப்பதற்குள் அதுவும் உருகிவிடும். வளர்ப்பு வாத்தோ நீரில் மிதந்து குளிர் தாங்குகிற பறவை. அதன் தோலுக்கு அடியில் ஒரு போர்வை கனத்துக்குக் கொழுப்பு இருக்கிறது. அது வெளியேற வழியும் வேண்டும், நேரமும் வேண்டும். வாத்து ரோஸ்ட்டில் வருகிற பாதிக்கு மேற்பட்ட குறைகள் இந்த இரண்டில் ஒன்று கிடைக்காமல் போனதால் வருபவைதான்.

எங்கே பிசகியது என்று பார்க்க, ஒழுங்காக நடந்தால் எப்படி நடக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். 2 முதல் 2.5 கிலோ வரை உள்ள வாத்து. வயிற்றுக்குள்ளும் கழுத்தருகிலும் கட்டியாகத் தொங்கும் கொழுப்பைக் கையால் பிய்த்து எடுத்துவிட்டு, தோல் முழுக்க ஊசியால் குத்தி, உப்புத் தடவி, மூடாமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். மறுநாள் ஆழமான ட்ரேயின் மேல் கம்பித்தட்டு வைத்து, அதில் வாத்தை வைத்து 150 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 3 மணி நேரம். மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ட்ரேயில் சேர்ந்த கொழுப்பை வடித்து, தோலை மறுபடி குத்தி, புரட்டிப் போடுகிறோம். கடைசியில் சூட்டை 220க்கு ஏற்றி 15 முதல் 20 நிமிடம். குறைந்த சூடு கொழுப்பை வெளியேற்ற, அதிகச் சூடு தோலை மொறுமொறுப்பாக்க. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் இரண்டும் நடக்காது.

இங்கே சொல்வதெல்லாம் கொழுத்த வளர்ப்பு வாத்துக்கு. காட்டு வாத்தில் வடிக்கிற அளவுக்குக் கொழுப்பே கிடையாது. அதை 3 மணி நேரம் உள்ளே வைத்தால் விறகாகிவிடும்.

தோல் அழகாகச் சிவந்துவிட்டது, வெட்டினால் அடியில் வெள்ளையாகக் கொழுப்பு

அதிகம் வருகிற புகார் இதுதான். நிறத்தை நம்பி வெளியே எடுத்துவிட்டதுதான் காரணம். தோல் சிவப்பது மேற்பரப்பில் நடக்கிற வேலை. அதற்கு வெளிச்சூடு போதும். கொழுப்பு உருகி வழிவது உள்ளே நடக்கிற வேலை. கொழுப்பு ஒருவகைத் தசைநார் வலைக்குள் சிறு சிறு பைகளாக அடைபட்டுக் கிடக்கிறது; அந்த வலை இளகிய பிறகுதான் முழுசாக விடுபடும். இளகுவதற்குச் சூட்டைவிட நேரம்தான் முக்கியம்.

என் முதல் வாத்து 2.3 கிலோ. கோழிக்கு வைப்பதைப் போல 200 டிகிரியில் வைத்தேன். 50 நிமிடத்தில் பழுத்த பழுப்பு நிறம் வந்துவிட்டது. 1 மணி 20 நிமிடத்தில் நெஞ்சுக்கறியின் உள்ளே 76 டிகிரி காட்டியது, வெந்துவிட்டது என்று எடுத்துவிட்டேன். வெந்துதான் இருந்தது. ஆனால் தோலுக்கும் கறிக்கும் நடுவே சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு, வேகாத தேங்காய் வழுக்கை மாதிரி வழுவழுவென்று. ட்ரேயில் அளந்து பார்த்தால் 100 மில்லிகூடத் தேறவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்ததும் கிட்டத்தட்ட அதே எடைதான். இம்முறை 150 டிகிரி. முதல் மணி நேரத்தில் வடித்தது 110 மில்லி, இரண்டாவதில் 170, மூன்றாவதில் 90. சூட்டை ஏற்றிய 18 நிமிடத்தில் இன்னும் ஒரு 20 மில்லி. மொத்தம் 390. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது இரண்டாவது மணி நேரம். முதல் மணியின் பெரும்பகுதி ஃப்ரிட்ஜிலிருந்து வந்த வாத்து சூடேறுவதிலேயே கழிந்துவிடுகிறது. முதல் மணி முடிவில் ‘ஓரளவு வடிந்துவிட்டது, போதும்’ என்று சூட்டை ஏற்றினால், கொழுப்பு அதிகமாக வரப்போகிற நேரத்தில் கதவைச் சாத்துகிறோம். இப்போதெல்லாம் கடிகாரத்தைவிட வடித்த அளவைத்தான் பார்க்கிறேன். ஒரு சுற்றில் வடிவது முந்தைய சுற்றைவிடப் பாதியளவுக்குக் குறைந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

வெட்டாமலே தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் உண்டு. தொடை உடம்போடு சேரும் மடிப்பில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். பஞ்சு மெத்தைபோல உள்வாங்கி மெல்ல மேலே எழும்பினால் கொழுப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தோல் கறியோடு ஒட்டிக்கொண்டு, கீழே தசை இறுக்கமாகத் தட்டுப்பட்டால் போய்விட்டது. நெஞ்சின் நடுவில் அழுத்திப் பார்த்துப் பயனில்லை. அங்கே எலும்பு இருப்பதால் எப்போதும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

ஓவனில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் காப்பாற்றலாம். சூட்டை 140க்கு இறக்கி, சிவந்த இடத்தின் மேல் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, தோலை மறுபடி குத்தி, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு 10 நிமிடம் அதிகச் சூடு. வெட்டிய பிறகு தெரிந்தால் வேறு வழி: துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி, சூடாக்காத வாணலியில் அடுக்கி, அப்புறம் அடுப்பைச் சின்னத் தீயில் பற்றவையுங்கள். 12 முதல் 15 நிமிடத்தில் கொழுப்பு கசிந்துவிடும். இடையிடையே சாய்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும். என் முதல் வாத்து அன்றைக்குப் பிழைத்தது இப்படித்தான். முழு வாத்தாக மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

குத்தினேன், ஆனாலும் கொழுப்பு வடியவில்லை

எத்தனை குத்து என்று கேட்டால் பத்து, பதினைந்து என்று சொல்வார்கள். போதாது. ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றிய சிறு வட்டத்துக்குத்தான் வடிகால். ஒரு விரற்கடைக்கு ஒன்று வீதம் குத்தினால் முழு வாத்துக்கு நூறைத் தாண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

இடமும் முக்கியம். எல்லோரும் நெஞ்சை மட்டும் குத்துவார்கள், கண்ணுக்கு எதிரே இருப்பதால். கொழுப்பு தடித்துக் கிடப்பது தொடை மடிப்பிலும், இறக்கைக்குக் கீழே விலாப்பக்கத்திலும், வால் அருகிலும்தான். காலைச் சற்று விலக்கிப் பிடித்து அந்த மடிப்புக்குள் குத்த வேண்டும்.

இனி ஆழம். ஊசியைச் செங்குத்தாக இறக்கினால் தோல், கொழுப்பு இரண்டையும் தாண்டிக் கறிக்குள் போய்விடும். தோலோடு ஏறக்குறைய படுத்த வாக்கில், சாய்வாகச் செருக வேண்டும். நான் பயன்படுத்துவது சாக்குத் தைக்கிற ஊசி. கூர்மையான கத்தி முனையும் ஆகும். முள்கரண்டி வேண்டாம், அது தோலைத் துளைப்பதற்குப் பதிலாக அமுக்கிவிட்டு, திடீரென்று ஆழமாக இறங்கும். கை அந்த வித்தியாசத்தை உணரும்: தோலைத் தாண்டும்போது ‘பொட்’டென்று ஒரு சிறு எதிர்ப்பு, பிறகு வெண்ணெயில் போவதுபோல் வழுக்கல். மறுபடி எதிர்ப்பு தட்டினால் அது கறி. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஆழமாகக் குத்திவிட்டீர்களா என்பது முதல் மணி முடிவில் தெரியும். துளையில் தெளிந்த மஞ்சள் எண்ணெய் துளிர்த்தால் சரி. இளஞ்சிவப்பாக, தண்ணியாகச் சாறு வந்தால் கறியைத் தொட்டிருக்கிறீர்கள். அந்தச் சாறு தோலில் வழிந்து காய்ந்து பழுப்புப் புள்ளிகளாகும், சுற்றியுள்ள தோலையும் ஈரமாக்கும். ஒன்றிரண்டு இடத்தில் நடந்தால் கவலையில்லை. காகிதத் துணியால் ஒற்றிவிட்டுத் தொடருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டாவது மணியில் வடிதல் நின்றுவிட்டால், துளைகள் அடைத்துக்கொண்டன என்று பொருள். தோல் சூட்டில் சுருங்கும்போது சிறு துளைகள் மூடிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் மறுபடி குத்தச் சொல்கிறேன். அப்போது எண்ணெய் சட்டென்று பீறிடலாம். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு குத்த வேண்டாம்.

கொழுப்பு போய்விட்டது, தோல் மட்டும் சவசவவென்று இருக்கிறது

இது கொழுப்பின் குற்றமில்லை, ஈரத்தின் குற்றம். தோலில் தண்ணீர் இருக்கிற வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாத தோல் மொறுமொறுக்காது, வேகவைத்த தோலாகவே இருக்கும்.

முதலில் ஃப்ரிட்ஜைக் கேளுங்கள். மூடி வைத்தீர்களா? பொட்டலத்திலிருந்து எடுத்த உடனே ஓவனில் வைத்தீர்களா? உப்புத் தடவி மூடாமல் ஓர் இரவு வைத்த தோல் மறுநாள் காகிதம்போல் இறுகி, கையில் ஈரம் ஒட்டாமல் இருக்கும். இரண்டு இரவு கிடைத்தால் இன்னும் நல்லது. மற்ற உணவுகளில் படாமல், கீழ்த்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் வையுங்கள். நேரமில்லாதவர்கள் கொதிநீரை மேலே ஊற்றித் தோலை இறுக்குவார்கள். இறுகும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைக்காவிட்டால் ஊற்றாமலே இருந்திருக்கலாம்.

அடுத்தது ட்ரே. புகை வராமல் இருக்க அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கம்தான், குறைந்த சூட்டின்போது. அதே தண்ணீரோடு சூட்டை ஏற்றினால் ஓவனுக்குள் ஆவி நிறைந்து, தோலைக் காயவிடாது. ஏற்றுவதற்கு முன் ட்ரே காலியாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டும் சரியென்றால் சந்தேகம் ஓவன் மேல்தான். குமிழில் 220 என்று இருக்கும், உள்ளே 195 இருக்கும். என்னுடையது 20 டிகிரி பின்தங்கியது. உள்ளே தொங்கவிடும் ஒரு சின்ன வெப்பமானி வைத்த அன்றுதான் தெரிந்தது. இன்னொன்று, சூட்டை ஏற்றும்போது வாத்து வெளியே இருக்கட்டும். ஓவன் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் 18 நிமிடத்தில் பத்து நிமிடம் ஓவன் சூடேறுவதிலேயே போய்விடும்.

சமையலறை முழுக்கப் புகை

வாத்துக் கொழுப்பு சுமார் 190 டிகிரியில் புகையத் தொடங்கும். கறித் துணுக்குகள் கலந்திருந்தால் அதற்கும் முன்பே. ஆக, 220க்கு ஏற்றும்போது ட்ரேயில் கொழுப்பு தேங்கியிருந்தால் புகை வருவது விபத்தல்ல, கணக்கு. குறைந்த சூட்டிலேயே புகைந்தால், அகலமான ட்ரேயில் கொழுப்பு மெல்லிய படலமாகப் பரவி ஓரங்களில் கருகுகிறது. வாத்தைவிடச் சற்றே பெரிய ட்ரே போதும்.

வடிக்கிற வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். ட்ரேயை ஓவனுக்குள்ளேயே சாய்த்து ஊற்ற முயல வேண்டாம். சிந்தினால் கீழே இருக்கிற சூடான கம்பியில்தான் விழும். முழுதாக வெளியே எடுத்து, வாத்தைக் கம்பித்தட்டோடு தூக்கி வேறொரு தட்டில் வைத்துவிட்டு, ட்ரேயில் உள்ளதை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் உருகிவிடும், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். தூக்குவதற்கு முன் வாத்தைச் செங்குத்தாகச் சாய்த்து வயிற்றுக்குள் தேங்கியதையும் கொட்டிவிடுங்கள். இதை மறந்தால் ஒரு கோப்பை எண்ணெய்ச் சாறு அதிகச் சூட்டின் நடுவே ட்ரேயில் கவிழும். தண்ணீர் சேர்ப்பதானால் கொழுப்பை வடித்த பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும் கொழுப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும்.

தீயே பிடித்துவிட்டால் ஓவனை அணைத்துவிட்டுக் கதவை மூடியே வையுங்கள். காற்றில்லாமல் அடங்கிவிடும். தண்ணீரோடு கிட்டே போகாதீர்கள். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் சரி.

மேலே மொறுமொறு, முதுகு நனைந்த துணி

புரட்டவில்லை, அல்லது கம்பித்தட்டு தாழ்வாக இருந்து முதுகு கொழுப்பில் ஊறியிருக்கிறது. முதல் மணி நெஞ்சு மேலே, இரண்டாவது மணி முதுகு மேலே, மூன்றாவதில் மறுபடி நெஞ்சு மேலே. தட்டுக்கும் ட்ரேயின் அடிக்கும் இடையே குறைந்தது மூன்று விரல் இடைவெளி வேண்டும்.

கால் இழுத்தாலும் வரவில்லை, நெஞ்சோ வறண்டுவிட்டது

இந்த முறையின் எல்லை இங்கே இருக்கிறது. வாத்தின் காலில் தசைநார் அதிகம். 74 டிகிரியில் அது உண்ணப் பாதுகாப்பானதாகிவிடும், ஆனால் மென்மையாகாது. 85ஐத் தாண்டிச் சற்று நேரம் நின்றால்தான் இளகும். நெஞ்சுக்கறியோ அந்தச் சூட்டில் முழுக்க வெந்து சாம்பல் நிறமாகிவிடும். முழு வாத்தை மெதுவாக வேகவைக்கிற எவரும் நெஞ்சை இளஞ்சிவப்பாக எடுக்க முடியாது. அப்படித்தான் வேண்டுமென்றால் நெஞ்சை அறுத்துத் தனியாகச் சமைப்பதே நேர்மையான வழி. முழு வாத்தில் நான் காலைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். தொடையில், எலும்பைத் தொடாமல் வெப்பமானி 85 முதல் 90 காட்ட வேண்டும். காலைப் பிடித்து ஆட்டினால் மூட்டு தளர்ந்து அசைய வேண்டும். அசையாவிட்டால் 150லேயே இன்னும் அரை மணி விடுங்கள், சூட்டை ஏற்றாதீர்கள்.

நெஞ்சு தாங்க முடியாத அளவுக்கு வறண்டால், அதிகச் சூட்டில் நீண்ட நேரம் விட்டிருப்பீர்கள். அந்தக் கட்டம் தோலுக்கானது. 20 நிமிடத்தில் மொறுமொறுக்காத தோல் 40 நிமிடத்திலும் சரியாக வராது. முந்தைய கட்டத்தில் எதையோ விட்டுவிட்டீர்கள்.

வெந்த பிறகும் தொடை எலும்பருகே சிவப்பாகத் தெரிகிறதே என்று சிலர் பயப்படுவார்கள். வாத்துக்கறி இயல்பிலேயே அடர்நிறம். நிறத்தை விட்டுவிட்டு வெப்பமானியை நம்புங்கள்.

எடுத்தபோது மொறுமொறு, பரிமாறும்போது தளர்ந்துவிட்டது

அலுமினியத் தாளால் மூடினீர்கள். கறி ஆறட்டும் என்று மூடியதில் அதன் ஆவியே தோலை நனைத்துவிட்டது. 15 நிமிடம் திறந்தே, கம்பித்தட்டின் மேலேயே ஆறவிடுங்கள். வாத்து அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடாது. தேனோ வேறு இனிப்புப் பூச்சோ இருந்தால் கடைசி 5 நிமிடத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். முன்னதாகத் தடவினால் கருகும், தடிமனாகத் தடவினால் தோல் மறுபடி பிசுபிசுக்கும்.

எடுத்து வைத்த கொழுப்பு சில நாளில் நாறுகிறது

கொழுப்பு கெட்டிருக்காது, அதன் அடியில் தங்கிய கறிச்சாறுதான் கெட்டிருக்கும். வடித்ததைச் சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு வெண்ணிறமாக உறையும், கீழே பழுப்பாகச் சாறு கட்டித் திரளும். ட்ரேயில் ஊற்றிய தண்ணீரும் அந்தச் சாற்றோடுதான் சேர்ந்திருக்கும். மறுநாள் கொழுப்பை வில்லையாக எடுத்து, அடிப்பக்கத்தைச் சுரண்டி, சின்னத் தீயில் உருக்கி, சலசலப்பு அடங்கும் வரை வைத்திருங்கள். அந்தச் சத்தம்தான் மிச்சத் தண்ணீர். அடங்கியதும் துணியில் வடிகட்டிக் காய்ந்த புட்டியில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் சில மாதம் தாங்கும். கீழே நின்ற சாற்றைக் குழம்பில் சேர்த்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். எதையும் தொட்டிக் குழாயில் ஊற்றாதீர்கள். அங்கேயும் அது உறைந்துகொள்ளும்.